மனநல வார்டில் இரவு ஹேண்ட்ஓவர்: அபாயத்தை எப்படிச் சொல்வது?

கேள்வி: மனநல வார்டில் இரவு டியூட்டிக்கு ஹேண்ட்ஓவர் கொடுக்கும்போது ஆபத்தான நோயாளிகளை எப்படிக் குறிப்பது?

ஹேண்ட்ஓவர் என்றால் டியூட்டி முடிந்து போகிறவர், நோயாளிகளின் பொறுப்பை அடுத்து வருகிறவரிடம் ஒப்படைப்பது. பஸ்ஸில் டிரைவர் மாறும்போது "வண்டி நல்லா இருக்கு" என்றால் போதாது, "பிரேக் கொஞ்சம் லேட்டா பிடிக்குது" என்று சொல்லவேண்டும் இல்லையா, அதுபோலத்தான். இரவில் ஆட்கள் குறைவு, வெளிச்சமும் குறைவு. அதனால் ஆபத்து உள்ளவர்களை முதலில் சொல்லுங்கள், படுக்கை எண் வரிசை அப்புறம்.

வெறுமனே "ஹை ரிஸ்க்" என்று எழுதுவது வீண். என்ன ஆபத்து, இன்றிரவு ஏன், நாம் என்ன செய்யவேண்டும் என்ற மூன்றும் வேண்டும். ஒரு கற்பனை உதாரணம்:

"7ஆம் படுக்கை, தற்கொலை அபாயம். சேர்வதற்கு முந்தின நாள் தூக்கு முயற்சி. மாலையில் மனைவியோடு போனில் சண்டை, சாப்பிடவில்லை, எட்டு மணிக்குமேல் திடீரென அமைதியாகிவிட்டார். 15 நிமிடத்துக்குள் ஒருமுறை பார்க்கவும், நேரத்தை மாற்றி மாற்றி. துண்டு, சார்ஜர் வயர் எடுத்தாயிற்று. பாத்ரூம் போனால் வெளியே ஒருவர் நிற்கவேண்டும். அழுதாலோ கதவைத் தாழிட்டாலோ டியூட்டி டாக்டருக்கு உடனே போன்."

அந்தத் திடீர் அமைதியைத்தான் பலர் "செட்டில் ஆகிவிட்டார்" என்று எழுதிவிடுகிறார்கள். முடிவெடுத்துவிட்டவரின் அமைதியாகவும் அது இருக்கலாம். சொல்லி முடித்ததும் இருவரும் போய் அவர் மூச்சுவிடுவதைக் கண்ணால் பாருங்கள், போர்வைக்கு அடியில் தலையணை மட்டும் இருந்துவிடக்கூடாது.

ஸ்கிசோஃப்ரினியா என்றாலே சிவப்புக் குறி என்று நினைக்கிறார்கள். குறி நோயின் பெயருக்கு அல்ல, அந்த இரவின் நிலைமைக்கு.