பின்புறம் மாறலாம், முகம் மாறக்கூடாது

கேள்வி: அப்பாவின் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கிறோம். அவருடைய நல்ல படம் ஒன்றுதான் உண்டு. 2009இல் செட்டிகுளம் முகாமில், கூடாரத்துக்கு முன்னால் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். கூடாரத்தை எடுத்துவிட்டு வயலைப் போடச் சொன்னோம். கடைக்காரர் தந்த படத்தில் வயல் இருக்கிறது, அப்பா இல்லை. முகம் யாரோ போல இருக்கிறது. பின்புறம் மட்டும் மாற வழியில்லையா? – வாசகி, கிளிநொச்சி

பதில்: கடைக்காரர் பின்புறத்தை மாற்றவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைக் கொண்டு முழுப் படத்தையும் புதிதாக வரைவித்திருக்கிறார். "பின்னால் வயல் போடு" என்று எழுத்தில் மட்டும் சொன்னால், இத்தகைய செயலிகள் பெரும்பாலும் முகம் முதல் செருப்பு வரை எல்லாவற்றையும் திரும்ப வரைகின்றன. அதற்கு முன் படத்தைச் சுருக்கவும் செய்கின்றன. பரவலாகப் புழங்கும் ஒரு முறையில், எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் ஒரே கட்டமாகிவிடும். முழு ஆளும் நிற்கும் படத்தில் கண்ணின் அகலம் பதினாறு புள்ளி என்றால், அது இரண்டு கட்டத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. அதைத் திரும்ப விரிக்கும்போது கிடைப்பது உங்கள் அப்பாவின் கண் அல்ல.

இதைத் தடுப்பதுதான் மாஸ்க். எங்கே வரையலாம், எங்கே கைவைக்கக்கூடாது என்று காட்டும் கறுப்பு வெள்ளைத் தகடு அது. போட்டோஷொப்பில் முதலில் Select Subject கொடுத்து அப்பாவைத் தெரிவுசெய்ய வேண்டும். பிறகு Select > Modify > Contract மூலம் ஒரு புள்ளி உள்ளே இழுக்க வேண்டும்; இல்லாவிட்டால் கூடாரத்தின் வெள்ளை அவரைச் சுற்றி விளிம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்து Ctrl+J அழுத்தினால் அப்பா மட்டும் தனி அடுக்கில் வந்துவிடுவார். அந்த அடுக்கின் சிறுபடத்தை Ctrl அழுத்தியபடி சொடுக்கினால் தெரிவு திரும்ப வரும். அதை Select > Inverse மூலம் புரட்டி, கீழே உள்ள மூலப் படத்தில், எழுதிச் சொன்னதை வரைந்து நிரப்பும் Generative Fill கொடுக்கலாம். வயல், பனை, காலை வெளிச்சம் என்று இடத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஆளைப் பற்றி ஒரு சொல் எழுதினாலும் தோளுக்குப் பின்னால் இன்னொருவர் முளைக்கக்கூடும். கடைசியில் அப்பாவின் அடுக்கை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டால், கீழே எந்தக் கூத்து நடந்தாலும் முகத்தின் புள்ளிகள் பழைய படத்தின் புள்ளிகளேதான்.

உங்கள் படத்தில் உண்மையான தலைவலி சைக்கிள். Select Subject ஆளை எடுத்துவிட்டுச் சைக்கிளை விட்டுவிடலாம். அப்படி விட்டால் மென்பொருள் அதைப் பின்புறமாகவே கருதும். அப்பாவின் விரல்கள் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும், அல்லது புதிதாக வரைந்த ஹாண்டில் விரலுக்குள் புகுந்து நிற்கும். ஆகவே கை தொடும் எல்லாவற்றையும் கையாலேயே தெரிவில் சேர்க்க வேண்டும். சைக்கிளின் முக்கோணச் சட்டத்துக்குள்ளும், முழங்கைக்கும் விலாவுக்கும் இடையிலும் கூடாரம் தெரிந்தால், அந்த இடைவெளிகளைத் தெரிவிலிருந்து வெட்டி எடுக்கலாம். சில்லுக் கம்பிகளுக்கு இது சரிவராது. ஒவ்வொரு கம்பியாக வெட்ட ஒரு நாள் போய்விடும். வெட்டாமல் விட்டால் வயலுக்கு நடுவே சில்லுக்குள் மட்டும் கூடாரம் தெரியும். இடுப்புக்குக் கீழே படத்தைத் தறித்துவிடுங்கள். ஹாண்டிலும் பிடித்த கையும் இருக்கும், சில்லு இருக்காது. கல்வெட்டின் முதற்பக்கத்துக்கு அது போதும்.

இனி, ஆட்களைப் பற்றி. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் விலையைப் பவுணில் சொல்லும் தரகர்கள் ஊருக்கு ஊர் முளைத்திருக்கிறார்கள். நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய, ஏற்கனவே நசுங்கிய படத்தை இலவசச் செயலி ஒன்றில் போட்டுவிட்டு, "மீட்டெடுத்தோம்" என்பார்கள். தோல் மெழுகுபோல் மின்னுவதைக் காட்டி, "தெளிவாகிவிட்டது பாருங்கள்" என்பார்கள். அச்சுப் படத்தை நீங்களே கொண்டுபோய், 600 டிபிஐயில் ஸ்கான் செய்வித்து, பென்டிரைவில் கொடுங்கள். அனுப்பத்தான் வேண்டும் என்றால் வட்ஸ்அப்பில் Document ஆக அனுப்புங்கள். செயலிக் கம்பனிகளும் சளைத்தவையல்ல. மந்திரப் பொத்தானை முகப்பில் வைப்பார்கள். மாஸ்க்கைச் சந்தாவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பார்கள். அடையாள அட்டை, கடவுச்சீட்டுப் படங்களில் மட்டும் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

வேலை சரியா என்று பார்க்கக் கடைக்காரரின் வாக்குறுதி தேவையில்லை. முடிந்த படத்தின் மேல் மூலப் படத்தை அதே இடத்தில் அடுக்கி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும் Difference கலப்பு முறையைக் கொடுக்கச் சொல்லுங்கள். மாறாத இடம் கரிய நிறமாகும். மாறிய இடம் வெளிச்சமாகத் தெரியும். முகத்தின்மேல் மூக்கு, கண்களின் கோடு மங்கலாகத் தெரிந்தால் தொட்டிருக்கிறார்கள். இதை JPEG ஆகச் சேமிக்கும் முன் பாருங்கள். சேமித்த பிறகு சுருக்கத்தின் தூசியும் சேர்ந்து தெரியும், அவர் அதைச் சாட்டாகச் சொல்வார். அச்சகத்துக்கு JPEG போகட்டும். அடுக்குகளோடு உள்ள PSD கோப்பு உங்கள் பென்டிரைவுக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம்.