'சில' எப்போது 'எல்லாம்' ஆகிறது: வாதப் பிழை பற்றிய கேள்வி பதில்

தேர்வுல ஒரு வாதத்தைக் கொடுத்து, அதோட பிழை எதுன்னு சில விடைகள்ல இருந்து தேர்ந்தெடுக்கச் சொல்றாங்க. வாதம் தப்புன்னு படிச்ச உடனே தெரியுது. ஆனா விடைகளைப் பார்த்தா எல்லாமே சரி மாதிரி இருக்கு. என்ன செய்யறது?

விடைகளைப் பார்ப்பதற்கு முன்பே, பிழை என்ன என்று உங்கள் சொல்லில் ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுதாமல் விடைகளுக்குள் இறங்கினால் அவைதான் உங்களை இழுத்துப் போகும். இந்த வாதத்தைப் பாருங்கள்:

"இந்த ஆய்விதழில் வந்த சில கட்டுரைகளில் தரவுகள் திரிக்கப்பட்டிருக்கின்றன. தரவு திரிக்கப்பட்ட எந்தக் கட்டுரையையும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. ஆகவே இந்த இதழின் எந்தக் கட்டுரையையும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது."

முடிவில் உள்ள 'எந்த' எங்கிருந்து வந்தது? இரண்டாம் வாக்கியத்திலும் ஒரு 'எந்த' இருப்பதால் பலர் அதையே நம்பிவிடுகிறார்கள். அது திரிக்கப்பட்ட கட்டுரைகளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. இதழைப் பற்றிப் பேசுவது முதல் வாக்கியம். அது தருவது 'சில' மட்டும். நான் எழுதும் வரி: "சிலவற்றின் குறையை இதழ் முழுவதன் மேலும் ஏற்றுகிறது."

இனி விடைகள். "திரித்தவர்களின் நோக்கத்தை ஆராயவில்லை" என்று ஒன்று வரும். ஆராயவில்லைதான். ஆராய்ந்திருந்தாலும் முடிவு நின்றிருக்காது. "போதுமான நிபந்தனையை அவசியமான நிபந்தனையாகக் கொள்கிறது" என்று இன்னொன்று வரும். 'இது இருந்தால் போதும்' என்பதை 'இது இல்லாமல் முடியாது' என்று எடுத்துக்கொள்வதுதான் அது. கேட்கப் பெரிதாக இருக்கும். இந்த வாதம் அதைச் செய்யவே இல்லை. ஒவ்வொரு விடையிடமும் கேட்க வேண்டியவை இவைதான்: வாதம் இதைச் செய்ததா? செய்ததால்தான் முடிவு விழுகிறதா?

இது சின்ன மாதிரியை வைத்துப் பொதுவாகச் சொல்லிவிடும் பிழைதானே? ஏன் இரண்டு பெயர்?

இரண்டும் வேறு. 40 கட்டுரைகளைப் பரிசோதித்து, 40-இலும் திரிப்பு இருந்தது, ஆகவே எல்லாவற்றிலும் இருக்கும் என்றால் அது மாதிரி பற்றிய பிரச்சினை. அந்த 40-ஐயும் குலுக்கல் முறையில் எடுத்தோம் என்று சேர்த்தால் வாதம் பலப்படும். மேலே உள்ள வாதத்தில் அப்படி எதைச் சேர்த்தாலும் 'சில' என்பது சிலவாகவே நிற்கும்.

ஒரு குழுவில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியும், பெரும்பாலோருக்கு வாகனம் ஓட்டத் தெரியும், ஆகவே சிலருக்கு இரண்டும் தெரியும். இதில் என்ன பிழை?

பிழையே இல்லை. பத்துப் பேரில் ஆறு பேருக்கு நீச்சல், ஆறு பேருக்கு வாகனம் என்று வையுங்கள். குறைந்தது இரண்டு பேர் இரண்டிலும் வந்தே ஆக வேண்டும். 'பெரும்பாலோர்' இருக்கும் இரண்டு இடத்தில் ஒன்றை 'சிலர்' என்று மாற்றினாலே வாதம் உடையும்: ஆறு பேர் ஒரு பக்கம், வேறு நான்கு பேர் மறுபக்கம் என்று பிரிந்து நிற்கலாம். அளவுச் சொல்லைக் கண்டதும் பிழை என்று முடிவு கட்டாதீர்கள்.

நாங்க ரெண்டு பேர் லேட்டா வந்ததுக்கு டீமே சோம்பேறின்னு மேனேஜர் சொல்றார். இதுவும் சில–எல்லாம் பிழைதானே?

ஆமாம், ஆனால் பாதிதான். தாமதத்திலிருந்து சோம்பலுக்குப் போனது தனிப் பிழை. டீமில் அத்தனை பேரும் தாமதமாக வந்திருந்தாலும் அது அப்படியே இருக்கும்.

வாதத்தைப் பலப்படுத்தச் சொல்லும் கேள்விக்கும் இதே வழியா?

இல்லை. அங்கே விடை புதிய தகவலைக் கொண்டுவரும். அதைத் தனியாகக் கேளுங்கள்.

சில–எல்லாம் பிழையை விடைகளில் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் பதிலைப் படியுங்கள். ஒரு வரி எழுதினீர்களா? எழுதிவிட்டு வாருங்கள்.

மாதிரி பற்றிக் கேட்டவன்தான். உங்கள் பிரிவினை எனக்கு ஒப்பவில்லை. 40-ஐப் பரிசோதித்து 12-இல் திரிப்பு இருந்தது, ஆகவே இதழ் முழுவதும் திரிப்பு என்றால் அது எந்தப் பிழை?

நல்ல உதாரணம். இரண்டுமே இருக்கின்றன. ஆனால் 28 கட்டுரைகளில் திரிப்பு இல்லை என்று அதே பரிசோதனை சொல்லிவிட்டது. 'எல்லாம்' அங்கேயே விழுந்துவிட்டது. மாதிரி சரியா என்ற கேள்விக்கே போக வேண்டாம். நான் அளவுத் தாவலைத்தான் குறிப்பேன்.

40-இல் 38, முடிவு 'ஏறக்குறைய எல்லாம்' என்றால்?

அப்போது அளவில் தாவல் இல்லை. மாதிரி ஒன்றுதான் மிச்சம்.

அப்படியென்றால் உங்கள் முதல் உதாரணத்தின் 'சில' என்பதும் யாரோ பார்த்துச் சொன்ன மாதிரிதானே?

அதை வாதம் சொல்லவில்லை. எழுதியிருப்பதற்கு வெளியே ஒரு பரிசோதனையை நீங்கள் கொண்டுவருகிறீர்கள், அதை நான் ஏற்கவில்லை. உங்களுக்கு இன்னும் ஒப்பவில்லை என்றால், இரண்டு விடையும் சேர்ந்து வரும் ஒரு கேள்வியை அனுப்புங்கள், அதை வைத்துப் பேசுவோம்.