ஜெர்மன் வங்கி ஆப்பில் எந்தப் பட்டனை அழுத்துவது?

கேள்வி: லைப்சிக்கில் எம்.எஸ். படிக்கிறேன். ஜெர்மன் இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. நேற்று இரவு டிராமில் பர்ஸை விட்டுவிட்டேன் போலிருக்கிறது, அறையிலேயே எங்காவது கிடந்தாலும் கிடக்கலாம். வங்கி ஆப்பில் Karte sperren, Karte verloren, Limit ändern என்று மூன்று இருக்கின்றன. எதையாவது தொட்டு கணக்கே மூடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஒன்றாம் தேதி வாடகை போக வேண்டும். இப்போதைக்கு லிமிட்டைப் பூஜ்யம் ஆக்கி வைத்தால் போதாதா?

பதில்: போதாது. லிமிட் திரையை விட்டு வெளியே வந்து, முதலில் Karte sperren-ஐ அழுத்துங்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

கணக்கு மூடாது. sperren என்றால் அந்த ஒரு கார்டைப் பூட்டுவது, அவ்வளவுதான். வாடகை உங்கள் ஐபான் என்ற கணக்கு எண்ணிலிருந்து நேராகப் போகிறது. அதற்கும் பர்ஸில் இருந்த பிளாஸ்டிக்குக்கும் சம்பந்தம் இல்லை. கார்டு பூட்டியிருந்தாலும் ஒன்றாம் தேதி வாடகை போகும், மருத்துவக் காப்பீட்டுப் பணமும் போகும். நீங்கள் பயப்பட வேண்டிய சொல் kündigen. அதுதான் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்வது. கார்டுத் திரையில் அது பெரும்பாலும் இருக்காது, இருந்தால் தொடாதீர்கள்.

அழுத்தியதும் பல ஆப்கள் இரண்டு வழி காட்டும். vorübergehend என்றால் தற்காலிகம். பர்ஸ் கட்டிலுக்கடியில் கிடைத்தால் entsperren அழுத்தி அதே கார்டைத் திரும்பப் பயன்படுத்தலாம். dauerhaft என்றால் நிரந்தரம். அதன்பின் அந்தக் கார்டு செத்துப்போன மாதிரிதான், புதுசு வர வேண்டும். உங்கள் நிலைமையில் முதலில் தற்காலிகமாகப் பூட்டிவிட்டு அறையைத் தேடுங்கள், டிராம் நிறுவனத்தில் கேளுங்கள். ஆனால் பர்ஸ் போய்விட்டது என்று உங்களுக்கே உறுதியான நிமிடத்தில், கார்டு தொலைந்தது என்று சொல்லும் Karte verloren-க்குப் போய்விடுங்கள். நாளை, நாளை மறுநாள் என்று இழுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஜெர்மன் சட்டம் தேதியும் நேரமும் பார்க்கிறது. தொலைந்த கார்டில் யாரோ செலவு செய்தால், நீங்கள் வங்கிக்குத் தெரிவிப்பதற்கு முன் நடந்ததில் அதிகபட்சம் 50 யூரோ உங்கள் தலையில் விழலாம். தெரிவித்த பிறகு நடந்தது வங்கியின் பாடு. பின் நம்பரைப் பர்ஸிலேயே எழுதி வைத்திருந்தால் மட்டும் அந்த 50 யூரோ வரம்பு உங்களைக் காப்பாற்றாது. தற்காலிகப் பூட்டைப் போட்டதாலேயே தொலைந்ததைத் தெரிவித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. தொலைந்தது என்று சொல்லும் திரை வரை போய், அது காட்டும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கி ஆப்கள் பல ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது, அறைத்தோழரின் போனில் படம் பிடியுங்கள். ஆப் திறக்கவில்லை என்றால் கார்டு பூட்டுவதற்கான 116 116 என்ற பொது எண்ணை அழையுங்கள். ஜெர்மனிக்குள் இலவசம், இரவிலும் எடுப்பார்கள். "Ich möchte meine Girokarte sperren lassen" என்று சொல்லுங்கள், ஐபானைக் கையில் வைத்திருங்கள். எல்லா வங்கிகளும் அதில் சேரவில்லை. ஒரு நாட்டில் ஓர் அவசர எண் வைத்துவிட்டு, அதிலும் சிலர் உள்ளே, சிலர் வெளியே என்று இருப்பதை நான் எத்தனை வருஷமாகச் சொல்லிப் புலம்பினாலும் மாறவில்லை.

அடுத்து, நான் தினமும் தலையில் அடித்துக்கொள்ளும் விஷயம். பூட்டும்போது ஆப் freigeben என்று ஒரு பட்டனைக் காட்டும். அகராதியில் பார்த்தால் 'விடுவி' என்று வரும். கார்டை விடுவிக்கிறதாக்கும் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். வங்கி ஆப்பில் அதற்குப் பொருள் 'ஒப்புதல் கொடு'. எதற்கு ஒப்புதல் என்பது பட்டனுக்கு மேலே இருக்கும் வரியில்தான் இருக்கும். நீங்களே பூட்டச் சொன்னதற்கு வந்திருந்தால் அழுத்தலாம். மேலே ஒரு தொகையும் கடைப் பெயரும் இருந்தால் அது உங்கள் பணம் வெளியே போவதற்கான ஒப்புதல்.

என்னிடம் வந்த ஒரு மாணவி, வாட்ஸ்அப் குழுவில் "ஜெர்மன் தெரிந்த அண்ணா யாராவது உதவுங்கள்" என்று கேட்டிருக்கிறார். ஓர் அண்ணா வந்தார். போனில் பேசிக்கொண்டே, உங்கள் கார்டு முடங்கியிருக்கிறது, இப்போது வரும் பட்டனை அழுத்தினால் திறந்துவிடும் என்றார். அவள் அழுத்தினாள். மேலே 640 யூரோ என்று எழுதியிருந்ததை அவள் பார்க்கவே இல்லை. ஜெர்மன் தெரியாதவர்களுக்கு உதவுகிறேன் என்று வரும் முகம் தெரியாதவரிடம் திரையைப் பகிராதீர்கள், பேசிக்கொண்டே பட்டன் அழுத்தாதீர்கள். மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் இரண்டாவது போனின் கேமராவைத் திரைக்கு நேரே பிடியுங்கள், போதும்.

இப்போது ஒரு விதிவிலக்கு. இதை வங்கிகள் தாமாகச் சொல்வதில்லை, அதனால் நான் விரிவாகச் சொல்கிறேன். ஜெர்மனியின் girocard என்ற டெபிட் கார்டைச் சில கடைகளில் பின் நம்பர் இல்லாமல் கையெழுத்துப் போட்டே பயன்படுத்தலாம். கடைக்காரர் கார்டிலிருந்து கணக்கு விவரத்தை மட்டும் படித்துக்கொண்டு, பிறகு உங்கள் கணக்கிலிருந்து பணத்தை இழுத்துக்கொள்வார். அந்த நேரத்தில் உங்கள் வங்கியை யாரும் கேட்பதே இல்லை. ஆகையால் வங்கியில் போட்ட பூட்டும் லிமிட்டும் அங்கே எட்டாது. உங்கள் பூஜ்ய லிமிட் யோசனை உதவாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கையெழுத்து வழியைத் தடுக்கத் தனியாக KUNO என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, அதற்குப் போலீஸ் நிலையம் போக வேண்டும். புகார் கொடுக்கும்போது "KUNO-Sperrung" என்று நீங்களே கேளுங்கள், இல்லாவிட்டால் மறந்துவிடுவார்கள். கார்டின் வரிசை எண்ணையும் கேட்பார்கள், ஜெர்மனில் Kartenfolgenummer. அதை வங்கியிடம் வாங்கிப் போங்கள். அது இல்லாவிட்டால் பூட்டு கொஞ்ச நாளைக்குத்தான் நிற்கும். கார்டைப் பறிகொடுத்தவன் வங்கிக்கு ஒரு முறை, போலீஸுக்கு ஒரு முறை என்று அலைய வேண்டியிருக்கிறது. ஒரே திரையில் முடித்திருக்க வேண்டிய வேலை இது. அப்படியும் யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால், ஆப்பில் அந்த வரியைத் தொட்டு Lastschrift zurückgeben மூலம் திருப்பிவிடலாம். நீங்கள் அனுமதிக்காத பற்று என்றால் 13 மாதம் வரை நேரம் உண்டு. கடைக்காரர் பாக்கி கேட்டுக் கடிதம் போட்டால், போலீஸ் புகாரின் நகலை அனுப்புங்கள்.

லிமிட் திரை புது கார்டு வந்த பிறகு உங்களுக்கு உதவும். Geldautomat என்பது ஏடிஎம்மில் எடுக்கும் தொகை, அதை நாளுக்கு 200 யூரோ என்று குறைத்து வைக்கலாம். Überweisungslimit வேறு, அது பணம் அனுப்பும் வரம்பு. அதை வாடகைக்குக் கீழே இறக்கிவிட்டு வாடகை போகவில்லையே என்று தவிக்காதீர்கள். பக்கத்திலேயே Dispo என்று ஒன்று இருக்கலாம். அது வங்கி கொடுக்கும் கடன், வட்டி கடுமை. செலவு வரம்பு என்று நினைத்து அதை உயர்த்தாதீர்கள்.

புது கார்டு தபாலில் வரும், பின் நம்பர் தனிக் கடிதத்தில் வரும். தபால்பெட்டியில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். பகிர்ந்து தங்கும் அறை என்றால் முதலில் கீழே போய்ப் பெயரை எழுதி ஒட்டுங்கள், பிறகு Ersatzkarte bestellen-ஐ அழுத்துங்கள்.