ஒரே ஒரு குறி மட்டும் மாறும் இரண்டு விடைகள்: இயற்பியல் ஆசிரியரிடம் கேள்வி பதில்

12ஆம் வகுப்பு மாணவி: ஐயா, வெளிவிளிம்பு உயர்த்தப்பட்ட வளைவுச் சாலையில், உராய்வும் இருக்கும்போது, வழுக்காமல் செல்லக்கூடிய பெரும வேகம் கேட்டிருந்தார்கள். கடைசியில் இரண்டு விடைகள் மிஞ்சின. பகுதியில் ஒன்றில் கழித்தல் குறி, மற்றொன்றில் கூட்டல் குறி. நீங்கள் சொன்னபடி θ = 0 போட்டுப் பார்த்தேன், μ = 0 போட்டும் பார்த்தேன். இரண்டு விடைகளும் ஒன்றாகவே வருகின்றன.

நீங்கள் செய்த சோதனையில் தவறு இல்லை. சோதிக்க எடுத்த மதிப்புகள்தாம் இந்த இரண்டு விடைகளையும் பிரிக்க முடியாதவை. உங்களிடம் மிஞ்சியவை இவை:

v² = rg (μ + tanθ) / (1 − μ tanθ)

v² = rg (μ + tanθ) / (1 + μ tanθ)

இரண்டும் வேறுபடும் இடம் `μ tanθ` என்ற உறுப்புக்கு முன்னால் நிற்கும் குறி ஒன்றுதான். θ சுழியானாலும் μ சுழியானாலும் அந்த உறுப்பு மறைந்துவிடுகிறது, அதோடு குறியும் மறைந்துவிடுகிறது. ஆகவே எந்த உறுப்பின் முன்னால் குறி மாறுகிறதோ, அந்த உறுப்பு உயிரோடு இருக்கும் மதிப்பைத்தான் எடுக்க வேண்டும். சுழி எளிது என்பதற்காக அதையே முதலில் போட்டுப் பார்க்கும் பழக்கம் இங்கேதான் கைவிடுகிறது.

சாய்கோணம் 45° என்று வைத்துக்கொள்ளுங்கள்; அப்போது tanθ = 1. கூட்டல் குறியுள்ள விடையில் (μ + 1)/(1 + μ) என்று வரும். μ எவ்வளவாக இருந்தாலும் இதன் மதிப்பு 1 தான். அதாவது 45° சாலையில் உராய்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும வேகம் மாறாது என்று அந்த விடை சொல்கிறது. வண்டி மேல்நோக்கி வழுக்கப் பார்க்கும்போது அதைக் கீழ்நோக்கிப் பிடித்து நிறுத்துவதே உராய்வு என்பதால், அது துளியும் உதவாது என்பதை ஏற்க முடியாது. அந்த விடையை அடித்துவிடலாம். கழித்தல் குறியுள்ள விடையையும் சரிபாருங்கள். r = 40 மீ, g = 10 மீ/வி² எனில், உராய்வு இல்லாதபோது வேகம் 20 மீ/வி. μ = 0.5 ஆனால் 1.5/0.5 = 3, எனவே v² = 1200, வேகம் ஏறத்தாழ 34.6 மீ/வி. உராய்வு கூடக் கூட வேகமும் கூடுகிறது, எதிர்பார்ப்பது இதைத்தான்.

அதே மாணவி: ஆனால் μ = 1, 45° என்று போட்டால் கழித்தல் விடையில் பகுதி சுழியாகி வேகம் முடிவிலி ஆகிறதே? அதனால் அதைத்தான் நான் தவறு என்று அடித்தேன்.

இந்த இடத்தில் நிறையப் பேர் சரியான விடையை இழக்கிறார்கள். முடிவிலி வந்ததும் அடிக்காமல், அதற்குப் பொருள் உண்டா என்று ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். வேகம் கூடும்போது வண்டி சாலையை அழுத்தும் விசையும் கூடுகிறது. அழுத்தம் கூடினால் உராய்வின் பெரும அளவும் கூடுகிறது. சாய்வும் உராய்வும் போதிய அளவு இருந்தால் வழுக்கும் போக்கை உராய்வு எப்போதும் முந்திக்கொண்டே இருக்கும், அதனால் மேல்நோக்கி வழுக்குவதற்கு வேக வரம்பே கிடையாது. இங்கே முடிவிலி சொல்வது அதைத்தான்.

போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தரும் நண்பர்: இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நான்கில் இரண்டு விடைகள் இரட்டையாக இருந்தால், சரியான விடை அந்த இரட்டைக்குள்தான் இருக்கும். மற்ற இரண்டையும் முதலிலேயே அடித்துவிடலாம் என்றுதான் நான் சொல்லித் தருகிறேன்.

பாதி சரி. வினா தயாரிப்பவர் சரியான விடைக்கு அருகில் ஒரு பொறி வைப்பது வழக்கம் என்பதால் உங்கள் கணிப்பு பல நேரம் பலிக்கும். ஆனால் ஒரே வினாவில் இரண்டு இரட்டைகள் நிற்பதும் உண்டு. எறிபொருளின் பெரும உயரம் கேட்டுவிட்டு u² sin²θ/2g, u² sin²θ/g, u² sin2θ/g, 2u² sinθ cosθ/g என்று நான்கு விடைகள் தந்தால் என்ன செய்வீர்கள்? கடைசி இரண்டும் எழுத்தில் வேறு, மதிப்பில் ஒன்றே. ஒரு விடைதான் சரி என்பதால் இரண்டும் ஒன்றாக விழுகின்றன. முதல் இரண்டையும் θ = 90° பிரித்துவிடும்: நேர் மேலே எறிந்த பந்து u²/2g உயரம்தான் போகும். இரட்டையைக் கண்டதும் முதலில் கேட்க வேண்டியது, இரண்டும் உண்மையிலேயே வேறா என்பதே.

குரூப் தேர்வுக்குப் படிப்பவர்: சார், எங்களுக்குக் குறி கிடையாது, சொல்தான். "மட்டும்", "அனைத்தும்" என்று வந்தால் அந்த விடை தவறு என்று படித்தேன். அது சரியா?

நம்ப வேண்டாம். "பண மசோதாவை மக்களவையில் மட்டுமே அறிமுகப்படுத்த முடியும்" என்பது அரசமைப்பின் 109ஆவது பிரிவின்படி சரியான கூற்று. "மட்டும்" இருப்பதற்காக அதை அடித்தால் மதிப்பெண் போகும். சொல் மாறும்போது அந்தச் சொல்லால் எண்ணில் என்ன மாறுகிறது என்று பாருங்கள். குடியரசுத் தலைவரைப் பதவி நீக்கும் தீர்மானத்துக்கு "மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு" என்று ஒரு விடையும், "வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு" என்று இன்னொன்றும் இருந்தால், 543 பேர் கொண்ட மக்களவையில் முதலாவதற்கு 362 வாக்குகள் வேண்டும். 450 பேர் வந்து வாக்களிக்கும் நாளில் இரண்டாவதற்கு 300 போதும். இவ்வளவு பெரிய வேறுபாடு என்று மனத்தில் பதிந்தால் சொல் மறக்காது. ஆனால் 61ஆவது பிரிவு சொல்வது மொத்த உறுப்பினர்களையே என்பதைத் தர்க்கத்தால் கண்டுபிடிக்க முடியாது, படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீட் தேர்வை இரண்டாம் முறை எழுதுபவர்: எனக்கு வெப்ப இயக்கவியலில்தான் இது நடந்தது. +300 J, −300 J என்று இரண்டும் இருந்தன. வேதியியலில் படித்த குறியைப் போட்டேன், தவறாகிவிட்டது.

1 × 10⁵ Pa மாறா அழுத்தத்தில் வாயு 2 லிட்டரிலிருந்து 5 லிட்டருக்கு விரிந்தால் அளவு 300 J தான். வாயு செய்த வேலை கேட்டிருந்தால் +300, வாயுவின் மீது செய்யப்பட்ட வேலை கேட்டிருந்தால் −300. தமிழில் "வாயுவால்" என்பதற்கும் "வாயுவின் மீது" என்பதற்கும் இடையிலுள்ள அந்தச் சிறு வேறுபாட்டில்தான் முழு வினாவும் இருக்கிறது. ΔU = q + w என்று எழுதும் வேதியியலில் w என்பது வாயுவின் மீது செய்யப்பட்ட வேலை; ΔU = Q − W என்று எழுதும் இயற்பியலில் W என்பது வாயு செய்த வேலை. இது மரபு பற்றியது என்பதால், எல்லை மதிப்புகள் போட்டுச் சோதிப்பது இங்கே உதவாது. வினாச் சொல்லின் கீழே கோடு போட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். தமிழ் வினா இரு பொருள் தருவதாகத் தோன்றினால் அதே தாளில் உள்ள ஆங்கில வடிவத்தையும் பாருங்கள்; நீட் தேர்வில் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது.

மாணவரின் தந்தை: இரண்டு மிஞ்சியும் பிரிக்க முடியவில்லை என்றால், விட்டுவிடச் சொல்லலாமா? தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கிறார்களே.

சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறைவு என்பதால், இரண்டில் ஒன்றை எழுதினால் சராசரியாக வினாவுக்கு 1.5 மதிப்பெண் கிடைக்கும். எழுதச் சொல்வதே என் எண்ணம். ஆனால் இந்தக் கணக்கு இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று கொள்கிறது. பொறி வைத்த இரட்டையில் மாணவரின் கை பொறியின் பக்கமே சாய்ந்தால் அந்தச் சராசரி கிடைக்காது. உங்கள் மகன் எழுதிய பழைய மாதிரித் தேர்வுகளில், இரண்டில் ஒன்றாக ஊகித்தவற்றை மட்டும் தனியே எண்ணிப் பாருங்கள். ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகச் சரியாக இருந்தால் விட்டுவிடுவதே அவருக்கு நல்லது; என் சக ஆசிரியர் ஒருவர் அப்போதும் எழுதத்தான் வேண்டும் என்கிறார், எங்களுக்குள் அது இன்னும் முடியவில்லை.