டிங்கி வரைபடத்தில் பட்டணம் மட்டும் சிவந்து கிடந்தால்

கேள்வி: வட்டார டிங்கி கேஸ்களை QGIS என்ற வரைபட மென்பொருளில் வரைபடமாகப் போட்டேன். பட்டணம் மட்டும் கருஞ்சிவப்பு, சுற்றியுள்ள தோட்டமெல்லாம் வெள்ளை. தோட்டத்தில் டிங்கியே இல்லை என்றா அர்த்தம்?

இல்லை. நீங்கள் போட்டிருப்பது ஆட்கள் எங்கே அதிகம் என்று காட்டும் படம். தலைப்பில்தான் டிங்கி இருக்கிறது. மலேசிய அளவிலும் இதே கதைதான். 2020 கணக்கெடுப்பின்படி சிலாங்கூரில் ஏறக்குறைய 70 லட்சம் பேர், பெர்லிஸில் 3 லட்சம்கூட இல்லை. ஆட்களோடு சேர்ந்து கூடுகிற எதை எண்ணி வண்ணம் பூசினாலும் பெரும்பாலும் சிலாங்கூர்தான் சிவக்கும்.

அதனால் கேஸ்களை மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். நானும் சுங்கை சிப்புட் பக்கம்தான், நம் ஊர் மாதிரி சில கற்பனை எண்களை வைத்துப் பார்ப்போம். பட்டணத்தில் 40,000 பேர், 60 கேஸ். ஒரு பெரிய தோட்டத்தில் 800 பேர், 4 கேஸ். QGIS-இல் Symbology போய் Graduated தேர்ந்தெடுத்து, Value பெட்டியில் இப்படி எழுதுங்கள் (புலங்களின் பெயர்கள் உங்களுடையபடி):

```
"kes" * 10000.0 / "penduduk"
```

பத்தாயிரம் பேருக்குப் பட்டணத்தில் 15, தோட்டத்தில் 50. படம் அப்படியே புரண்டுவிட்டது.

இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் 150 பேர் மட்டும் இருக்கிற சின்னத் தோட்டம் ஒன்று, அங்கே 1 கேஸ் என்று வையுங்கள். விகிதம் 67! படத்திலேயே அதிகச் சிவப்பு அதுதான். அந்த ஒருவருக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் அதே தோட்டம் வெள்ளை. மூன்று இடங்களையும் சேர்த்தால் மொத்த விகிதம் பத்தாயிரத்துக்குச் சுமார் 16. அந்தக் கணக்கில் 150 பேருக்கு எதிர்பார்க்க வேண்டியது கால் கேஸ். தோட்டத்தில் விசேஷமாக எந்தக் கோளாறும் இல்லாமலேயே, தற்செயலாக ஒரு கேஸாவது வர ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. 800 பேருக்கு எதிர்பார்ப்பது 1.3, வந்ததோ 4. தற்செயலாக அவ்வளவு வர இருபத்தைந்தில் ஒரு வாய்ப்புதான். ஆக, போய்ப் பார்க்க வேண்டியது பெரிய தோட்டத்தை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேஸைக் கூட்டியும் கழித்தும் பாருங்கள். பட்டணத்தின் விகிதம் அசையவே அசையாது. சின்னத் தோட்டம் வெள்ளைக்கும் கருஞ்சிவப்புக்கும் தாவினால் அந்த நிறத்தை நம்பாதீர்கள். மூன்று வருட கேஸ்களைச் சேர்த்துப் போடலாம், ஆனால் அப்போது மக்கள்தொகையையும் மூன்றால் பெருக்க வேண்டும். பலர் இதை மறந்து, விகிதம் மூன்று மடங்கானதும் பதறுகிறார்கள். இல்லையென்றால் அடுத்தடுத்த சின்னத் தோட்டங்களை ஒரே பகுதியாக இணைத்துவிடுங்கள்.

அடுத்து, அந்த 800 போன்ற எண் உங்களுக்கு எங்கிருந்து கிடைக்கும்? தோட்ட ஆபிஸ் கிராணியிடம் கேட்டால் செக்ரோலைப் பார்த்துத்தான் சொல்வார். அது காலையில் வேலைக்குப் பெரட்டுக்கு நிற்பவர்களின் கணக்கு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், வீட்டிலிருக்கும் பாட்டி, பட்டணத்துக் கடையில் வேலை செய்யும் மகள் யாரும் அதில் இல்லை. ஆனால் காய்ச்சல் வந்து முகவரி கொடுக்கும்போது அவர்கள் எல்லோரும் தோட்டத்துக் கேஸ்தான். மேலே ஆள், கீழே தொழிலாளி என்று வகுத்தால் விகிதம் ஊதிப்போகும். மறுபக்கம், குடியுரிமை உள்ளவர்களை மட்டும் எண்ணிய பட்டியலை எடுத்தால் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடுபடுவார்கள், கேஸ் பட்டியலிலோ அவர்களும் இருப்பார்கள். மேலே யாரை எண்ணினீர்களோ, கீழேயும் அவர்களையே எண்ண வேண்டும்.

அப்புறம், செம்பனைத் தோட்டங்களுக்கென்றே உள்ள சிக்கல் ஒன்று. நிலம் ஆயிரக்கணக்கான ஹெக்டர் இருக்கும், ஆள் இருப்பது ஒரு மூலையில் உள்ள லயங்களில் மட்டும். விகிதத்தை வைத்து முழு எல்லைக்கும் நிறம் பூசினால், முன்பு பட்டணம் படத்தை விழுங்கியதுபோல் இப்போது மரங்கள் விழுங்கிவிடும். எல்லைக்குள் நிறம் பூசாமல், லயம் இருக்கும் இடத்தில் ஒரு வட்டம் வையுங்கள். வட்டத்தின் அளவு கேஸ்களின் எண்ணிக்கை, நிறம் விகிதம். பட்டணத்துக்கும் அப்படியே ஒரு வட்டம்.

எண்ணிக்கையை ஒரேயடியாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். புகையடிக்க எத்தனை குழு, ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில் என்று முடிவெடுக்க அந்த 60 தான் வேண்டும். யாருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்டால் மட்டும் நிறத்தைப் பாருங்கள்.