பள்ளி வாசலில் எஞ்சினை அணைக்கச் சொல்லும் கடிதம்: எப்படி எழுதினால் பெற்றோர் கேட்பார்கள்?

கேள்வி: எங்கள் பள்ளி முதல்வர், வாசலில் காத்திருக்கும் கார்களின் எஞ்சினை அணைக்கும்படி பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினார். ஒரு வாரம்கூட யாரும் கடைப்பிடிக்கவில்லை. மறுபடி ஒரு கடிதம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அதில் என்ன இருக்க வேண்டும்?

பதில்:

முதல் கடிதத்தில் பெரும்பாலும் "சுற்றுச்சூழலைக் காப்போம்" என்று இருந்திருக்கும். படிப்பவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் எஞ்சினை அணைக்காததற்கு அக்கறை இல்லாதது காரணமல்ல. ஏசி வேண்டும், அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் கூடுதலாகும், பேட்டரி இறங்கிவிடும், எந்த நொடியும் வரிசை நகரும் என்று நான்கு காரணங்கள் வைத்திருக்கிறார். இந்த நான்குக்கும் கடிதத்தில் பதில் இருக்க வேண்டும்.

முதலில் பெட்ரோல் கணக்கு. சூடான எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யச் செலவாவது, சும்மா ஓடவிட்டால் சுமார் 10 நொடிகளில் எரியும் எரிபொருளைவிடக் குறைவு. அதற்கு மேல் காத்திருப்பதானால் அணைப்பதுதான் லாபம். ஸ்டார்ட் செய்யும்போது நிறையக் குடிக்கும் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. உங்கள் பள்ளிக்கே ஒரு கணக்குப் போடுங்கள். 60 கார்கள் 12 நிமிடம் நின்றால் அது 12 எஞ்சின் மணிநேரம். ஏசியோடு நிற்கும் சிறிய பெட்ரோல் கார் மணிக்கு 0.8 லிட்டர் எரிப்பதாக வைத்தால் ஒரு மாலையில் 9.6 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், ஆக ஏறக்குறைய 22 கிலோ. இந்தக் கணக்கைக் கடிதத்தில் ஒரே வரியில் சொன்னால் போதும். பெற்றோரை அசைக்கப்போவது கார்பன் கணக்கு அல்ல, வாசலில் நிற்கும் காற்று.

குழந்தை மூச்சு விடும் உயரம் பெரியவர்களைவிடச் சைலன்சர் குழாய்க்கு மிக அருகில். உடல் எடையோடு ஒப்பிட்டால் அது உள்ளிழுக்கும் காற்றும் அதிகம். புகை குழாயை விட்டு விலக விலக வேகமாகக் கலைந்துவிடும், ஆனால் பள்ளி வாசலில் யாரும் விலகி நிற்பதில்லை, பிள்ளைகள் இரண்டு கார்களுக்கு நடுவேதான் கடக்கிறார்கள். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் சேர்த்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இந்தப் புகை இழுப்பைத் தூண்டலாம். இவ்வளவு சொன்னால் போதும், பயமுறுத்த வேண்டாம். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கும் காரின் புகையைத்தான் உங்கள் காரின் காற்றுத்துளை உள்ளே இழுக்கிறது. பெற்றோரைச் சட்டென்று தொடும் வரி இது.

பேட்டரி பற்றி: நல்ல நிலையில் இருக்கும் பேட்டரிக்கு மாலையில் இரண்டு மூன்று ஸ்டார்ட் பெரிய சுமை அல்ல. ஹெட்லைட்டும் ஏசியின் காற்றாடியும் எரிய விட்டு வெறும் சாவியை ஆன் செய்து உட்கார்ந்திருந்தால்தான் இறங்கும். ஸ்டார்ட்டர் தயங்கித் தயங்கிச் சுற்றினால் பேட்டரி ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது, பழியை அணைத்ததன் மேல் போட முடியாது.

ஏசி மட்டும் நியாயமான காரணம். கடும் வெயிலில் மூடிய கார் சில நிமிடங்களிலேயே அபாயமான சூட்டை எட்டும். கைக்குழந்தையோ முதியவரோ உள்ளே இருந்தால் விலக்கு உண்டு என்று கடிதமே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த ஒரு காரைக் காட்டியே எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு நிழலில் நிற்க ஓர் இடம் காட்டுங்கள், இல்லையென்றால் தாமதமாக வரச் சொல்லுங்கள். மணி அடிக்க 20 நிமிடம் முன்னே வருபவர்தான் நிறைய நேரம் ஓடவிடுகிறார்.

இனி வரிசை. பெரும்பாலான கடிதங்கள் தோற்பது இங்கேதான். ஒவ்வொரு காராக நகர்ந்தால் 24-ஆவது இடத்தில் நிற்பவர் 23 முறை ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். யாரும் செய்ய மாட்டார்கள், செய்யச் சொல்வதும் நியாயமில்லை. காவலாளி ஆறு ஆறு கார்களாக உள்ளே விட்டால் அதே கார் மூன்று முறைதான் நகரும், நடுவில் அணைத்தே நிற்கலாம். இது வாசலில் நிற்பவர் செய்ய வேண்டிய வேலை, கடிதத்தால் ஆகாது. எனவே கடிதம் போவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். பள்ளிப் பேருந்துகளும் அன்றே அணைத்து நிற்கட்டும். பேருந்து உறுமிக்கொண்டு நிற்க, காரை அணைக்கச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள கார்க்காரர்கள் "என் கார் தானே அணைந்துவிடும்" என்பார்கள். பாதிதான் சரி. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலோ உள்ளே சூடு கூடினாலோ பல கார்களில் எஞ்சின் தானாகவே மறுபடி ஓடும். அவர்களும் எஞ்சினைத் தாங்களே முழுதாக அணைக்க வேண்டும். முழு மின்சாரக் காருக்கு இந்தக் கடிதம் பொருந்தாது, ஹைபிரிட் காரில் எஞ்சின் பேட்டரிக்காக அவ்வப்போது ஓடும்.

ஒரு மாதிரி இதோ, நேரத்தை உங்கள் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"அன்புள்ள பெற்றோர்களே,
பள்ளி வாசலில் 10 நொடிக்கு மேல் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் கார்களுக்கு நடுவே, புகை வெளிவரும் உயரத்தில் நடந்து வருகிறார்கள். சூடான எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்ய, 10 நொடி ஓடவிடுவதைவிடக் குறைவான எரிபொருளே ஆகும்.
திங்கள் முதல் கார்கள் ஆறு ஆறாக உள்ளே விடப்படும். உங்கள் முறை வரும்வரை அணைத்தே இருக்கலாம். 3.20-க்கு முன் வர வேண்டாம், பள்ளி 3.30-க்கு விடும். வண்டியில் கைக்குழந்தை, முதியவர், உடல்நலமில்லாதவர் இருந்தால் காவலாளியிடம் சொல்லுங்கள், அவர்களுக்கு இது பொருந்தாது. பள்ளிப் பேருந்துகளுக்கும் இதே விதிதான்.
முதல்வர்"

இதைவிட நீளம் வேண்டாம். "தண்டனை", "அபராதம்" போன்ற சொற்களைச் சேர்த்தால் அவற்றை நடைமுறைப்படுத்தும் ஆள் வேண்டும், அந்த ஆள் பெரும்பாலும் இருப்பதில்லை.

கடிதம் போவதற்கு முந்தைய வாரம் மூன்று நாட்கள், மணி அடிக்க 10 நிமிடம் இருக்கும்போது ஒருவர் வரிசையோடு நடந்து எண்ணட்டும்: நிற்கும் கார்கள் எத்தனை, அவற்றில் ஓடுபவை எத்தனை. ஓடுகிறதா என்று சைலன்சர் குழாயின் அதிர்வையும் சத்தத்தையும் வைத்தே சொல்லிவிடலாம். அடியில் சொட்டும் ஏசித் தண்ணீரை நம்பாதீர்கள், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சொட்டும். மூன்று வாரம் கழித்து அதே கிழமைகளில், அதே நேரத்தில் மறுபடி எண்ணி, இரண்டு எண்களையும் அடுத்த சுற்றறிக்கையில் போடுங்கள். குறையவில்லை என்றால் வரிசை ஆறு ஆறாகத்தான் நகர்கிறதா என்று முதலில் பாருங்கள், கடிதத்தின் வார்த்தைகளை மாற்றுவது அதற்குப் பிறகு.