தலைநகர் அபுஜா, ஆஃபர் லெட்டரில் லாகோஸ்: போலியா?

"மும்பையில் அக்கவுண்டன்ட் வேலையில் இருக்கிறேன். நைஜீரிய கம்பெனி ஒன்றின் ஆஃபர் லெட்டரில் தலைமையகம் லாகோஸ் என்று இருக்கிறது. தலைநகர் அபுஜா ஆயிற்றே, போலியா?"

வணக்கம். இதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. 1991 டிசம்பர் வரை லாகோஸ்தான் தலைநகர். அது நெரிசல் மிகுந்த கடலோர நகரம், அதோடு யோருபா மக்களின் பகுதி. அதனால் பெரிய இனங்களில் எதற்கும் சொந்தம் என்று சொல்ல முடியாதபடி, நாட்டின் நடுவில் புது ஊர் கட்ட 1976-இல் முடிவெடுத்தார்கள். அமைச்சகங்களும் மத்திய வங்கியும் அபுஜா போய்விட்டன. துறைமுகமும் பங்குச்சந்தையும் லாகோஸிலேயே இருப்பதால் பெரிய தனியார் கம்பெனிகள் பலவும் அங்கேயே தங்கிவிட்டன. தலைநகர் டெல்லியாக இருந்தும் ஸ்டேட் பேங்க் தலைமையகம் உங்கள் மும்பையில் இருக்கிறதே, அப்படித்தான்.

சரிபார்க்க, லெட்டர்ஹெட்டில் RC என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். அதை நைஜீரியாவின் கார்ப்பரேட் அஃபேர்ஸ் கமிஷன் தளத்தில் தேடினால் கம்பெனியின் பெயர் வரும். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். பதிவு முகவரி மட்டும் வேறாக இருந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் தலைமையகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உண்மையான எண்ணைத் திருடிப் போடுபவர்களும் உண்டு. அதனால் லெட்டரில் உள்ள போன் நம்பரை நம்பாமல், கம்பெனியின் ஆண்டறிக்கையில் உள்ள நம்பருக்கே கூப்பிட்டு, இந்த லெட்டர் அவர்கள் அனுப்பியதுதானா என்று கேளுங்கள்.